ஐயெல்ட்ஸ்: 6.5, 6.5, 5.5, 6.0 வந்திருக்கிறது. அரை பேண்டை எங்கே ஏற்றுவது?

செல்வி_தாம்வே · திங்கள் இரவு

ரங்கூனில் எழுதிய ஐயெல்ட்ஸ் அகாடமிக் முடிவு இன்று வந்தது. லிசனிங் 6.5, ரீடிங் 6.5, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6.0. ஓவரால் 6.0 என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆஸ்திரேலியாவில் அக்கவுண்டிங் முதுகலைக்கு ஓவரால் 6.5 வேண்டும், அதோடு எந்தப் பகுதியும் 6.0-க்குக் கீழே இருக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

சித்தப்பா மகன் பைத்தானில் ஒரு சின்னக் கணக்கு எழுதிக் கொடுத்தான், நாலு எண்ணைப் போட்டால் ஓவரால் சொல்லும். அதில் ரைட்டிங்கை 6.0 ஆக்கிப் பார்த்தேன், அப்போதும் 6.0 தான் காட்டுகிறது. லிசனிங்கை 7.0 ஆக்கினாலும் 6.0. இரண்டையும் சேர்த்து ஏற்றினால்தான் 6.5 வருகிறது. அப்படியென்றால் எனக்கு இன்னும் ஒரு முழு பேண்ட் தேவைப்படுகிறது, இல்லையா? அதுவும் இரண்டு மாதத்துக்குள். லிசனிங் எனக்கு வரும், ரைட்டிங்தான் பயமாக இருக்கிறது. எதில் உட்காரலாம் என்று எழுதியவர்கள் சொல்லுங்கள்.

மோல்மேன்_ரவி · திங்கள் இரவு

தங்கச்சி, அந்தக் கணக்கை நம்பாதே. சராசரி .25-ல் முடிந்தால் மேலே உள்ள அரைக்குத் தள்ளுவார்கள். எனக்கே 6.25 வந்து 6.5 கொடுத்தார்கள், தாளை இன்னும் வைத்திருக்கிறேன். உனக்கு இப்போது மொத்தம் 24.5, நாலால் வகுத்தால் 6.125. லிசனிங்கில் அரை ஏற்று, 6.25 ஆகும், ஓவரால் 6.5 வந்துவிடும். ரைட்டிங்கைத் தொடவே வேண்டாம். ரைட்டிங்கில் அரை ஏற்றுகிற நேரத்தில் லிசனிங்கில் ஒன்று ஏற்றலாம், நான் அப்படித்தான் செய்தேன்.

சயாமா_பெகு · செவ்வாய் காலை

ரவி தம்பி ரவுண்டிங் பற்றிச் சொன்னது சரி, அதற்குப் பிறகு சொன்னது இந்தப் பிள்ளையைத் தப்பான பக்கம் இழுத்துவிடும். அவள் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். எந்தப் பகுதியும் 6.0-க்குக் கீழே போகக் கூடாது என்கிறார்கள். லிசனிங்கை 7 ஆக்கினால் ஓவரால் 6.5 வரும், ரைட்டிங் 5.5 அங்கேயே நிற்கும், விண்ணப்பம் திரும்பி வரும். உங்களுக்கு அந்த நிபந்தனை இல்லாமல் இருந்திருக்கும், அதனால் அது கண்ணில் படவில்லை.

செல்வி, சராசரியை வைத்து யோசிக்காதே, நாலையும் கூட்டிய மொத்தத்தை வைத்து யோசி. ஒவ்வொரு பகுதியும் அரை அரையாகத்தான் ஏறும், அதனால் மொத்தமும் அரை அரையாகத்தான் ஏறும். சராசரி 6.25-ஐத் தொட்டால் 6.5, 6.75-ஐத் தொட்டால் 7. மொத்தத்தில் சொன்னால் 23 முதல் 24.5 வரை ஓவரால் 6. 25 முதல் 26.5 வரை 6.5. 27 முதல் 28.5 வரை 7. அவ்வளவுதான் கணக்கு.

உன் மொத்தம் 24.5. அதாவது 6.0 என்கிற கட்டத்தின் கடைசிப் படியில் நிற்கிறாய். ஒரே ஒரு அரை போதும், 25 ஆகிவிடும். அந்த அரையை ரைட்டிங்கில் வாங்கினால் 5.5 என்ற தடையும் போகும், ஓவராலும் 6.5 ஆகும். ஒரு அரை பேண்ட் இரண்டு பூட்டையும் திறக்கிற இடம் ரைட்டிங் மட்டும்தான். வேறு எதில் ஏற்றினாலும் ஒரு பூட்டுதான் திறக்கும்.

உன் சித்தப்பா மகன் எழுதிய கணக்கில் எங்கேயோ பிழை இருக்கிறது. 25-க்கு 6.0 காட்டக் கூடாது.

செல்வி_தாம்வே · செவ்வாய் மதியம்

சயாமா, நிம்மதியாக இருக்கிறது. நேற்று இரவு முழுக்க ஒரு பேண்ட், ஒரு பேண்ட் என்று தூக்கமே இல்லை. கணக்கை இங்கே போடுகிறேன், தெரிந்தவர்கள் பாருங்கள்.

```
def band(a, b, c, d):
    x = (a + b + c + d) / 4
    return round(x * 2) / 2
```

பிரகாஷ்_இன்செயின் · செவ்வாய் இரவு

பார்த்தேன். `round` தான் காரணம். பைத்தானில் அது சரிபாதியில் நிற்கிற எண்ணை மேலே தள்ளாது, பக்கத்தில் உள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். உங்கள் 6.25-ஐ இரண்டால் பெருக்கினால் 12.5. 12-க்கும் 13-க்கும் நடுவில் நிற்கிறது, 12 இரட்டை என்பதால் 12-க்குப் போய்விடும், பாதியாக்கினால் 6.0. ஆனால் 6.75-ஐப் போட்டால் 13.5, அது 14-க்குப் போகும், 7.0 சரியாக வரும். அதாவது சில மொத்தத்துக்குச் சரியாகவும் சிலவற்றுக்குத் தப்பாகவும் காட்டும். 7.0, 7.0, 6.5, 6.5 போட்டுச் சோதித்திருந்தால் சரியாகத்தானே வருகிறது என்று நம்பியிருப்பீர்கள். 5.25, 6.25, 7.25 மூன்றுக்கும் தப்பு வரும், 5.75, 6.75, 7.75 தப்பித்துவிடும்.

இப்படி மாற்றச் சொல்லுங்கள்:

```
import math

def band(a, b, c, d):
    x = (a + b + c + d) / 4
    return math.floor(x * 2 + 0.5) / 2
```

எக்செல்லில் பார்க்கிறவர்கள் `=MROUND(AVERAGE(A1:D1),0.5)` போடலாம், அது 6.25-ஐ 6.5 ஆக்கும். தம்பியைத் திட்டாதீர்கள், நான் வேலை செய்கிற இடத்திலும் பில் கணக்கில் இதே `round`-ஐ நம்பி ஒரு வாரம் தேடியிருக்கிறோம்.

மோல்மேன்_ரவி · செவ்வாய் இரவு

நிபந்தனையை நான் கவனிக்கவில்லை, சயாமா சொன்னது சரி. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ரைட்டிங்கை மட்டும் நம்பிப் போனால் மறுபடி எழுதும்போது லிசனிங் 6.0 வந்தால் என்ன செய்வாள்? மறுபடி 24.5 தானே. அதனால் லிசனிங்கையும் ஏற்ற வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

மூர்த்தி_தட்டோன் · புதன் காலை

இதில் இவ்வளவு கவலை எதற்கு என்று தெரியவில்லை. எனக்கு ஓவரால் 7.5. லிசனிங் 7.5, ரீடிங் 7.0, ரைட்டிங் 7.0, ஸ்பீக்கிங் 7.5. கனடாவுக்குப் போட்டேன், அவர்கள் ஓவராலைப் பார்க்கவே இல்லை. லிசனிங்கில் 8 இல்லை என்று ஒரு படி கீழே வைத்துவிட்டார்கள். அதனால் நாலையும் 8 ஆக்குங்கள், எந்த நாடும் கேள்வி கேட்காது.

சயாமா_பெகு · புதன் மதியம்

மூர்த்தி அண்ணா, உங்களுடையது வேறு வழி. கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு எழுதுவது ஜெனரல் டிரெய்னிங். அவர்கள் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக சிஎல்பி என்ற அளவுக்கு மாற்றுவார்கள். அதில் 9 என்ற படிக்கு லிசனிங் 8.0 வேண்டும், மற்ற மூன்றுக்கும் 7.0 போதும். அங்கே ரவுண்டிங் என்ற பேச்சே கிடையாது, உங்கள் 7.5 ஓவரால் அங்கே எதற்கும் உதவாது. உங்களுக்கு லிசனிங் ஒன்றுதான் தடை. இந்தப் பிள்ளைக்கு லிசனிங் தடையே இல்லை. ரீடிங்கிலும் வித்தியாசம் உண்டு, நாற்பதில் முப்பது சரியாக இருந்தால் அகாடமிக்கில் 7 பக்கம் வரும், ஜெனரலில் 6 பக்கம்தான் வரும். யார் எந்தத் தாள் எழுதினார்கள் என்று கேட்காமல் எண்ணை ஒப்பிட முடியாது.

ரவி தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 25 என்பது விளிம்பு. மறுபடி நாலும் எழுதினால் நாலும் ஆடும். செல்விக்கு ரைட்டிங் 6.0 வந்து, அதே நாளில் லிசனிங் 6.0-க்கு இறங்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்றும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஸ்பீக்கிங் 6.0 என்பதும் சரியாகத் தரையில்தான் நிற்கிறது. அது 5.5 ஆனால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் கதவு மூடிவிடும். ரைட்டிங்குக்கு மட்டும் உட்கார்ந்து ஸ்பீக்கிங்கை ஒரு மாதம் தொடாமல் விட்டால் அது இறங்கும், என்னிடம் படித்த பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

அதனால் இலக்கை 25.5 என்று வைத்துக்கொள். ரைட்டிங்கில் ஒரு அரை, லிசனிங்கிலோ ரீடிங்கிலோ இன்னொரு அரை. இரண்டாவது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அதற்காகப் படித்ததே இறங்காமல் பிடித்துக்கொள்ளும்.

செல்வி, இப்போது ரைட்டிங். அன்றைக்கு அறையில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல். எதை முதலில் எழுதினாய், எத்தனை நிமிடம், எப்படி முடித்தாய்.

செல்வி_தாம்வே · புதன் இரவு

கரண்ட் வந்ததும் எழுதுகிறேன், அதனால் நீளமாக இருக்கும், மன்னியுங்கள்.

கணினியில்தான் எழுதினேன். முதல் டாஸ்க் ஒரு கோட்டுப் படம், மூன்று நாடுகளில் மக்கள் எந்தப் போக்குவரத்தை எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று வருடவாரியாக. நான் ஒவ்வொரு வருடமாக எடுத்து, இந்த நாட்டில் இவ்வளவு, அந்த நாட்டில் இவ்வளவு என்று எல்லா எண்ணையும் எழுதினேன். ஒன்றையும் விடக் கூடாது என்று நினைத்தேன். 210 வார்த்தை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் 31 நிமிடம் போய்விட்டது.

இரண்டாவது, நகரப் பேருந்தை இலவசமாக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், இரண்டு கருத்தையும் பேசி உன் கருத்தைச் சொல் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு இலவசம் நல்லது என்று தோன்றியது, இங்கே லைன் பஸ்ஸில் போகிறவர்களை நினைத்து அதையே நன்றாக எழுதினேன். மற்றவர் கருத்துக்கு வந்தபோது ஐந்து நிமிடம்கூட இல்லை. ஒரு வரி எழுதி, முடிவுரை பாதியில் நின்றுவிட்டது. 230 வார்த்தை இருக்கும்.

சயாமா_பெகு · வியாழன் காலை

இதைப் படித்ததும் 5.5 எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்குத் தெரிகிறது. உன் ஆங்கிலம் அவ்வளவுதான் என்று நினைத்திருப்பாய். இதில் பெரிய பங்கு ஆங்கிலம் இல்லை.

ரைட்டிங்கில் நாலு அளவுகோல். கேட்டதற்குப் பதில் சொன்னாயா, ஓட்டமும் பத்திப் பிரிப்பும் எப்படி, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. நாலுக்கும் சம பங்கு. இரண்டாவது டாஸ்க்குக்கு முதல் டாஸ்க்கைப் போல இரண்டு மடங்கு எடை. நாலில் இரண்டு 6 ஆகவும் இரண்டு 5 ஆகவும் இருந்தால் நடுவில் 5.5 வரும். அந்த 5-கள் எவை என்று முடிவுத் தாள் சொல்லாது, ஒரே எண்தான் வரும். நீ சொன்ன கதையில் ஒரு 5 பச்சையாகத் தெரிகிறது, கேட்டதற்குப் பதில் சொல்வது. அதுவும் இரண்டு டாஸ்க்கிலும்.

முதல் டாஸ்க்கில் எல்லா எண்ணையும் எழுதியிருக்கிறாய். மொத்தத்தில் படம் என்ன சொல்கிறது என்று ஒரு இடத்திலாவது எழுதினாயா? மூன்று நாட்டிலும் கார் ஏறியது, பேருந்து இறங்கியது, ஒரு நாட்டில் மட்டும் ரயில் கடைசியில் காரை முந்தியது என்கிற மாதிரி இரண்டு வரி. அது இல்லாமல் எண்ணை அடுக்கினால் பேண்ட் விவரணையில் அது 5. பொதுப் பார்வை என்று ஒன்று இருந்து, எண்களைப் பொறுக்கி எடுத்திருந்தால் 6. அதாவது நீ அதிகமாக எழுதியதால்தான் பேண்ட் குறைந்தது, நேரமும் போனது. இனிமேல் முதல் பத்தி முடிந்ததும் அந்த இரண்டு வரி, அதில் ஒரு எண்ணும் இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு எட்டோ பத்தோ எண் போதும். 160, 170 வார்த்தையில் நிறுத்திவிடு.

இரண்டாவது டாஸ்க்கில் இரண்டு கருத்தும் கேட்டார்கள், நீ ஒன்றைத்தான் பேசினாய், முடிவும் பாதியில் நின்றது. கேள்வியின் ஒரு பாகத்தை விட்டால் மற்ற பாகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் 5-ல் பிடித்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் எந்த டாஸ்க்கை வேண்டுமானாலும் முதலில் எழுதலாம். நீ இரண்டாவதை முதலில் எழுது, 40 நிமிடம். எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் தாளில் மூன்று வரி மட்டும் குறித்துக்கொள்: அவர்கள் ஏன் சொல்கிறார்கள், இவர்கள் ஏன் சொல்கிறார்கள், நான் எந்தப் பக்கம். அந்த மூன்றும் மூன்று பத்தி.

இன்னொரு 5 இலக்கணமாக இருக்கலாம். அதைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஒரு கட்டுரையை 40 நிமிடம் வைத்து எழுதி, திருத்தாமல் அப்படியே அனுப்பு.

பிரகாஷ்_இன்செயின் · வியாழன் மாலை

ஒரு கேள்வி. ரைட்டிங்கை மட்டும் தனியாக மறுபடி எழுதலாம் என்கிறார்களே, ஒன் ஸ்கில் ரீடேக். அதை எடுத்தால் லிசனிங் இறங்குமோ ஸ்பீக்கிங் இறங்குமோ என்ற பேச்சே இல்லையே. 6.5, 6.5, 6.0 மூன்றும் அப்படியே இருக்கும், புது ரைட்டிங் மட்டும் சேரும்.

மோல்மேன்_ரவி · வியாழன் மாலை

அதற்கும் முன்னால் ரீமார்க் போடட்டும். 5.5 என்பது 6.0-க்கு ஒரு படிதான் கீழே, இன்னொரு தேர்வாளர் பார்த்தால் மாறலாம். மாறினால் கட்டிய பணமும் திரும்பக் கிடைக்கும்.

சயாமா_பெகு · வியாழன் இரவு

இரண்டும் இருக்கிற வழிதான். ஒன் ஸ்கில் ரீடேக், கணினியில் எழுதியவர்களுக்கு மட்டும், முதல் தேர்வு நாளிலிருந்து 60 நாளுக்குள், ஒரே ஒரு பகுதி. அதற்கு எழுதிய மையம் அதை நடத்த வேண்டும், போகிற பல்கலை அதை ஏற்க வேண்டும். ஒரே நாட்டில் ஒரு பல்கலை ஏற்கும், பக்கத்துப் பல்கலை ஏற்காது. செல்வி, சேர்க்கைப் பிரிவுக்கு இன்றே மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கு. போனில் சொன்னார்கள் என்று பணம் கட்டாதே.

ரீமார்க் விஷயத்தில் எனக்கு ரவி தம்பியின் நம்பிக்கை இல்லை. தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கேட்க வேண்டும். பேண்ட் மாறினால் பணம் திரும்பும், அதுவும் சரி. ஆனால் செல்வியே சொல்கிறாள், கேள்வியின் பாதியை எழுதவில்லை, முடிவும் இல்லை. இன்னொருவர் படித்தாலும் அது இல்லாததுதான். முழுதாக எழுதி, எங்கே குறைந்தது என்றே தெரியாதவர்களுக்கு ரீமார்க் பொருந்தும்.

மோல்மேன்_ரவி · வியாழன் இரவு

என் மச்சானுக்கு ரைட்டிங் மாறியது. அவனும் முடிவுரை எழுதவில்லை என்றுதான் சொன்னான்.

செல்வி_தாம்வே · ஞாயிறு மாலை

கட்டுரையைச் சயாமாவுக்குத் தனியாக அனுப்பினேன். திரும்பி வந்ததில் சிவப்பு எண்ணிப் பார்த்தேன், 23. அதில் 14 ஒரே மாதிரி. வார்த்தை முடிவில் வர வேண்டிய எஸ். ஒருமை பன்மை, அவர் என்று வரும்போது வினையில் சேர்கிற எஸ், இரண்டும். கடினமான வாக்கியத்தில் பிழை இருக்கும் என்று நினைத்தேன், எல்லாம் சாதாரண வாக்கியத்தில்.

சயாமா_பெகு · ஞாயிறு இரவு

இது உன் ஒருத்தியின் பிழை இல்லை. வீட்டில் தமிழ் பேசினாலும் நாம் பள்ளியில், கடையில், தெருவில் எல்லாம் பர்மிய மொழியில் வளர்கிறோம். பர்மியச் சொல் எஸ்ஸிலோ எல்லிலோ முடியாது, வினை ஆளுக்கு ஆள் மாறாது. அந்தக் காது ஆங்கிலச் சொல்லின் வாலை விட்டுவிடுகிறது. பேசும்போது விழுங்குகிறாய், கேட்கும்போது காதில் விழுவதில்லை, எழுதும்போது கை போடுவதில்லை. மூன்று பகுதியிலும் ஒரே ஓட்டை.

அதனால்தான் லிசனிங்கைத் தனியாகப் படிக்க வேண்டாம், இதோடு சேர்த்துப் படி என்கிறேன். பழைய லிசனிங் தாள் ஒன்றை எடு, விடைத்தாளோடு ஒப்பிடு. பதில் தெரிந்தும் தப்பாகப் போனவற்றை மட்டும் வட்டமிடு. ஆடியோவில் சேர்ஸ் என்று சொல்லியிருப்பார்கள், நீ சேர் என்று எழுதியிருப்பாய். அர்த்தம் புரிந்ததுதான், மதிப்பெண் கிடையாது. எழுத்துப் பிழைக்கும் அப்படித்தான். நாற்பதில் 30 வந்தால் 7 பக்கம், தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு மாறும். அப்படி எத்தனை போகிறது என்று எண்ணிச் சொல்.

செல்வி_தாம்வே · செவ்வாய் இரவு

நாலு தாள் பார்த்தேன். 27, 28, 26, 29. எஸ்ஸால் மட்டும் போனது 2, 1, 3, 1.

பல்கலையில் இருந்தும் பதில் வந்தது. ஒரே அமர்வில் எழுதிய நாலு பகுதியும்தான் ஏற்பார்களாம், ஒன் ஸ்கில் ரீடேக் வேண்டாம் என்கிறார்கள். முழுத் தேர்வுக்கே ஆறு வாரம் தள்ளித் தேதி வாங்கிவிட்டேன்.

என் திட்டம் இது, சரியா பாருங்கள். வாரத்துக்கு மூன்று ரைட்டிங், அதில் இரண்டு இரண்டாவது டாஸ்க், ஒன்று முதல் டாஸ்க். நேரம் வைத்து எழுதி, அடுத்த நாள் எஸ்ஸுக்காக மட்டும் ஒரு முறை படித்து, திருத்தி வந்ததும் அதே கட்டுரையை மறுபடி எழுதுவது. வாரத்துக்கு ஒரு லிசனிங் தாள், ஒரு ரீடிங் தாள். ஸ்பீக்கிங், தினமும் இரவு பத்து நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்து கேட்பது. கரண்ட் இல்லாவிட்டாலும் அதைச் செய்யலாம்.

சயாமா_பெகு · புதன் காலை

நன்றாக இருக்கிறது, ஒன்றை மட்டும் மாற்று. கணினித் தேர்வுதானே, தட்டச்சு செய்து எழுது. கையால் எழுதிப் பழகினால் 40 நிமிடக் கணக்கு உனக்குச் சரியாக வராது. கரண்ட் இல்லாத இரவில் திருத்தியதை மறுபடி எழுதுவதைக் கையால் செய்துகொள்.

பழைய கட்டுரையை மறுபடி எழுதுவதை விட்டுவிடாதே. புதிதாகப் பதினெட்டு கட்டுரை எழுதுகிறவர்கள் அதே பிழையைப் பதினெட்டு முறை எழுதுகிறார்கள்.

மூர்த்தி_தட்டோன் · புதன் மதியம்

சயாமா, என் லிசனிங்கிலும் இந்த எஸ்தான் போயிருக்குமா? நான் பேச்சு புரியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 7.5-க்கும் 8-க்கும் இடையில் எத்தனை கேள்வி?

சயாமா_பெகு · புதன் மாலை

அண்ணா, 35 வந்தால் 8 பக்கம். உங்களுக்கு இரண்டு மூன்று கேள்விதான் குறைந்திருக்கும். நாலு தாள் எழுதி அவள் செய்த மாதிரி எண்ணிப் பாருங்கள்.

செல்வி_தாம்வே · எட்டு வாரம் கழித்து

முடிவு வந்தது. லிசனிங் 6.0, ரீடிங் 7.0, ரைட்டிங் 6.0, ஸ்பீக்கிங் 6.0.

மொத்தம் 25. ஓவரால் 6.5.

லிசனிங் இறங்கியதைப் பார்த்ததும் கை நடுங்கியது. மூன்றாம் பகுதியில் இரண்டு பேர் மாறி மாறிப் பேசினார்கள், ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன், அடுத்த மூன்றும் ஓடிவிட்டது. ரீடிங் ஏறாமல் இருந்திருந்தால் மறுபடி 24.5 தான். சயாமா, 25.5-ஐ இலக்கு வைக்கச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

ரைட்டிங்கில் இரண்டாவதை முதலில் எழுதினேன், 41 நிமிடம். முதல் டாஸ்க் 165 வார்த்தை, பொதுப் பார்வை இரண்டு வரி. கடைசி இரண்டு நிமிடம் எஸ் மட்டும் தேடினேன், ஐந்து போட்டேன்.

சயாமா_பெகு · அன்றே

சந்தோஷம் அம்மா. இன்றே முடிவுத் தாளைப் பல்கலைக்கு அனுப்பச் சொல்லி மையத்தில் கேட்டுவிடு. இரண்டு வருடம் வரைதான் செல்லும் என்பதையும் விசா தேதியோடு வைத்துப் பார்.

மோல்மேன்_ரவி · அன்றே

வாழ்த்துகள் தங்கச்சி. மூன்றாம் பகுதியில் ஒரு கேள்வியில் நிற்காமல் எப்படித் தாண்டிப் போவது என்று யாராவது சொல்லுங்கள். என் தம்பி அடுத்த மாதம் எழுதுகிறான், அவனுக்கும் அங்கேதான் மூன்று மூன்றாகப் போகிறது.

மூர்த்தி_தட்டோன் · மறுநாள்

எண்ணிப் பார்த்தேன். நாலு தாளில் எஸ்ஸால் போனது மொத்தமே ஒன்று. எனக்கு வேறு எங்கேயோ போகிறது. ரவி தம்பி கேட்டதற்கு யாராவது பதில் சொன்னால் நானும் படிக்கிறேன்.